ஞாயிறு பைனல்: மட்ச் தொடங்க முதல் கப்டன் என்ன கதைக்கிறது?

உப்புவெளி_8 · புதன், இரவு 9:12

வணக்கம். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எங்கட கழகத்துக்கு உதைபந்தாட்டப் பைனல், ஏகாம்பரம் மைதானத்தில. 11 பேர், ஒரு பாதி 35 நிமிஷம், சமநிலை எண்டால் நேரா பெனால்டி. நான்தான் கப்டன். எங்களுக்குக் கோச் எண்டு ஒருத்தரும் இல்லை, பழைய பிளேயர் ஒராள் ஆக்களை மாத்த மட்டும் உதவி செய்வார். அதால மட்சுக்கு முதல் பேசுறது என்ர தலையில.

போன வருஷமும் பைனலுக்கு வந்தனாங்கள். வாகை மரத்துக்குக் கீழ பொடியளை நிப்பாட்டி நான் ஒரு 12 நிமிஷம் பேசினன். ஊர் மானம், உங்கட அப்பா அம்மா, எங்களுக்குச் சப்பாத்து வாங்கித் தந்த அண்ணைமார், தோத்தால் ஊருக்குள்ள தலை காட்டேலாது, எல்லாம் வந்தது. ரெண்டு பேர் அழுதே போட்டாங்கள். எனக்கு உள்ளுக்குள்ள பெருமை, நல்லாப் பேசிப்போட்டன் எண்டு. மூண்டாவது நிமிஷம் ஒரு துரோ-இன். நாங்கள் எல்லாரும் மானத்தைப் பற்றி யோசிச்சுக்கொண்டு நிக்க, அவங்கட 7ம் நம்பர் சும்மா நடந்து வந்து அடிச்சிட்டுப் போனான். 1-0ல தோத்தம்.

இந்த முறை என்ன கதைக்கிறது? எவ்வளவு நேரம்? செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.

கச்சான்காத்து · புதன், இரவு 9:30

மச்சான், பேச்சு பிழையில்லை, சூடு காணாது. அழ விட்டதுதான் பிழை, கோவப்பட விட்டிருக்கோணும். அவங்கள் போன வருஷம் கப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில கத்திக்கொண்டு போனதை ஞாபகப்படுத்து. அந்த வீடியோ இருந்தால் ஃபோனில போட்டுக் காட்டு. இதுக்கு ஆராய்ச்சியே இருக்கு. ஹார்வர்டில 2014ல செய்தது. பதட்டத்தில இருக்கிறவனை "அமைதியா இரு" எண்டு சொன்னால் சரிவராது, உசுப்பிவிட்டால்தான் நல்லாச் செய்வான் எண்டு.

கோட்டைவாசல் · புதன், இரவு 9:41

தம்பி, முதல்ல வாழ்த்துகள். பேச்சைப் பொறுத்தவரை பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், நடுவர்கள், அனுசரணையாளர் எண்ட ஒழுங்கில விளிக்கோணும். எதிரணியை ஒரு வசனத்தில பாராட்டு. எழுதி வாசிக்காதை, மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விடு. நான் கனக்கப் பரிசளிப்பு விழாவில அறிவிப்பாளரா இருந்தனான், வேணும் எண்டால் ஒரு மாதிரி எழுதித் தாறன்.

உப்புவெளி_8 · புதன், இரவு 9:44

ஐயா, இது பரிசளிப்புப் பேச்சு இல்லை. விளையாட முதல் பொடியளோட கதைக்கிறது. ஆனால் நன்றி 🙏

பழைய_ஸ்டொப்பர் · புதன், இரவு 10:58

உப்புவெளித் தம்பிக்கு. நான் 14 வருஷம் பின்வரிசையில நிண்டு, அதில 6 வருஷம் கப்டனா இருந்தவன். பிறகு பாடசாலைப் பிள்ளைகளைப் பழக்கினேன். முதல்ல ஒண்டு கேக்கிறேன்: அந்த துரோ-இன் விழேக்க 7ம் நம்பரைப் பிடிக்க வேண்டியவர் ஆர்? அவருக்கு அது தன்ர வேலை எண்டு தெரியுமா?

இதை ஏன் கேக்கிறேன் எண்டால், பைனலண்டு பொடியன்களின்ர உடம்பை ஒருக்காப் பார். அரை மணித்தியாலத்துக்கு முதலே ஒருத்தன் மூண்டு தரம் சலம் கழிக்கப் போவான். ஒருத்தன் கட்டின லேசையே திருப்பித் திருப்பிக் கட்டுவான். இன்னொருத்தன் கொட்டாவி விடுவான், பார்க்கிறவங்களுக்கு அவன் சோம்பேறி மாதிரித் தெரியும். அது சோம்பல் இல்லை, அதுவும் பதட்டம்தான். உடம்பு ஏற்கெனவே மேல போய் நிக்குது. அதுக்கு மேல நீ மானம், ஊர், அம்மா எண்டு ஊத்தினால் பார்வை ஒடுங்கிப் போகும். பந்து மட்டும் தெரியும், பின்னால ஓடி வாறவன் தெரியமாட்டான். உங்கட மூண்டாவது நிமிஷக் கோல் அப்படித்தான் விழுந்தது எண்டு நான் நினைக்கிறேன். அந்த நிலையில காதும் அப்படித்தான். பத்து விஷயம் சொன்னால் ஒண்டும் நிக்காது, ஒண்டு சொன்னால் அந்த ஒண்டு நிக்கும்.

அதால கப்டன்ர பேச்சு 70 நிமிஷத்துக்கான பேச்சில்லை. முதல் 5 நிமிஷத்துக்கான பேச்சு. அந்த அஞ்சு நிமிஷம் தாண்டினால் விளையாட்டே ஆளைப் பிடிச்சுக்கொள்ளும். கால் தானா ஓடும், மூச்சு சீராகும். மைதானத்துக்குள்ள கால் வைச்சதில இருந்து முதல் பந்து காலில படும் வரைக்கும் ஒவ்வொருத்தனுக்கும் மனசுக்குள்ள பிடிச்சுக்கொள்ள ஒரு வேலை வேணும், அதைக் குடுக்கிறதுதான் உன்ர பொறுப்பு. வலது பின் ஆளுக்கு "முதல் துரோ-இன் விழுந்தால் 7 உன்ர ஆள், தோளில கை படும் தூரத்தில நில்." அவ்வளவுதான்.

கச்சான்காத்து · புதன், இரவு 11:20

ஐயா, அப்ப ஹார்வர்ட்காரர் சொன்னது பொய்யோ?

பழைய_ஸ்டொப்பர் · வியாழன், காலை 6:35

பொய் இல்லை, நீங்கள் பாதியை விட்டுட்டீங்கள். அலிசன் வூட் புரூக்ஸ் எண்ட அம்மாதான் அதைச் செய்தவர். ஆக்களைக் கரோக்கேயில பாட விட்டார், மேடையில பேச விட்டார், கணக்குச் செய்ய விட்டார். பதட்டத்தில இருந்தவர்களை "எனக்கு உற்சாகமா இருக்கு" எண்டு தங்களுக்குத் தாங்களே சொல்ல வைச்சார், அவையள் நல்லாச் செய்தவை. ஆனால் அங்க ஒருத்தரும் வெளியில இருந்து உசுப்பேத்தேல்லை. இருக்கிற துடிப்புக்குப் பேரைத்தான் மாத்தினவை. "பயமா இருக்கு" எண்டதை "உடம்பு ரெடியாகிட்டுது" எண்டு சொல்லுறது வேற, எதிரணியின்ர பஸ் வீடியோவைக் காட்டி இன்னும் துடிக்க விடுறது வேற. பாட்டுப் பாடுறவனுக்கு முன்னால ஒருத்தனும் காலை நீட்டிக்கொண்டு வாறதில்லை எண்டதையும் மறந்திடாதீங்கோ. கோவத்தில போற டிபென்டர் 10 நிமிஷத்துக்குள்ள மஞ்சள் அட்டை வாங்குவான், மிச்ச நேரம் முழுக்கப் பயந்து பயந்து விளையாடுவான்.

வீடியோ காட்டுற கதைக்கு ஒரு பெரிய உதாரணமே இருக்கு. 2009 மே மாதம் ரோமில நடந்த சம்பியன்ஸ் லீக் பைனல். பார்சிலோனா கோச் குவார்டியோலா மட்சுக்குச் சற்று முன்னம் லைட்டை நிப்பாட்டி, வீரர்களைப் பற்றின படத் துண்டுகளைச் சேர்த்து 7 நிமிஷ வீடியோ ஒண்டு போட்டவர். பார்த்தவையளுக்குக் கண் கலங்கிப் போச்சு. வெளியில வந்து முதல் ஒம்பது நிமிஷம் மான்செஸ்டர் யுனைட்டட் அவையளைப் போட்டு மிதிச்சது. பத்தாவது நிமிஷம் எட்டோ கோல் அடிச்சதால நிலைமை மாறி 2-0ல வெண்டவை. வெண்டதால அந்த வீடியோவை எல்லாரும் புகழுறம். அந்த ஒம்பது நிமிஷத்துக்குள்ள ஒரு கோல் விழுந்திருந்தால் கதை என்ன?

கச்சான்காத்து · வியாழன், காலை 7:02

வெண்டவங்கள்தானே 😄 எனக்கு அதே காணும்.

சரி, அப்ப மெஸ்ஸி? 2021 கோப்பா அமெரிக்கா பைனலுக்கு முதல் அந்தாள் பேசினது ஆவணப்படத்தில வந்ததே. அதில ஒரு வேலையும் பிரிச்சுக் குடுக்கேல்லை. முழுக்க உணர்ச்சிதான். பிறேசிலை பிறேசிலின்ர வீட்டில வைச்சு அடிச்சாங்கள்.

நிலாவெளி_சென்டர் · வியாழன், காலை 8:15

நான் நெட்போல். என்ர கதையையும் சொல்லுறன், உங்களுக்குப் பொருந்துமோ தெரியாது.

பாடசாலைக் காலத்தில வலய மட்டப் பைனல். எங்கட கோல் சூட்டரின்ர அம்மா அப்ப ஆசுப்பத்திரியில. நான் கப்டன், வட்டமா நிண்டு கையைக் கோர்த்துக்கொண்டு "இண்டைக்கு அவளின்ர அம்மாவுக்காக விளையாடுறம்" எண்டன். எல்லாரும் அழுதம். அவளும் அழுதாள். பிறகு முதல் குவாட்டர் முழுக்க அவளுக்குக் கை நடுங்கினது. லேசான சூட் எல்லாம் வளையத்தில பட்டு வெளியில போச்சு. பிறகுதான் ஒருக்கா என்னட்டச் சொன்னாள்: "அக்கா, நான் அதை மறக்கத்தான் விளையாட வந்தனான்."

அதுக்குப் பிறகு நான் மட்சுக்கு முதல் சொல்லுறது ஒண்டே ஒண்டுதான். முதல் சென்டர் பாஸ் ஆருக்கு, அவள் எந்தப் பக்கம் ஓடி வந்து வாங்குறது. அவளின்ர பேரைச் சொல்லி, அவளின்ர கண்ணைப் பார்த்துச் சொல்லுவன்.

பழைய_ஸ்டொப்பர் · வியாழன், மதியம் 1:10

தங்கச்சி சொன்னது எனக்கும் பாடம்.

மெஸ்ஸி விஷயம் நல்ல கேள்வி. அந்தப் பேச்சை நானும் பார்த்தன். அந்தாள் என்ன சொன்னார்? 45 நாள் குடும்பத்தை விட்டு ஹோட்டல் அறைக்குள்ள கிடந்தம், ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை எண்டார். கீப்பர் மார்ட்டினஸுக்குப் பிள்ளை பிறந்தது, அவர் இன்னும் கையில தூக்கிப் பார்க்கேல்லை எண்டார். இந்தக் கோப்பை ஆர்ஜென்டினாவில நடக்க இருந்தது, கடவுள்தான் இங்க கொண்டுவந்தவர், மரக்கானாவில தூக்கிறதுக்காக எண்டார். அவ்வளவுதான். "தோத்தால் என்ன ஆகும்" எண்டு ஒரு வார்த்தை இல்லை. மானம் இல்லை. 28 வருஷமாப் பெரிய கோப்பை ஒண்டும் இல்லாத நாடு, அந்த 28ஐப் பற்றி அங்க கதைக்கவே இல்லை. உப்புவெளித் தம்பி போன வருஷம் சொன்னது வரப்போற வெட்கத்தைப் பற்றி. மெஸ்ஸி சொன்னது ஏற்கெனவே செய்து முடிச்சதைப் பற்றி. ரெண்டையும் உணர்ச்சி எண்டு ஒரே பெட்டிக்குள்ள போடேலாது.

இன்னொரு விஷயம், வேலையெல்லாம் பிரிச்சுக் குடுக்க அவையளுக்கு ஸ்கலோனி எண்ட கோச் இருந்தவர். உங்களுக்குக் கோச் இல்லை. நீ மெஸ்ஸி மாதிரிப் பேசிப்போட்டு விட்டால் துரோ-இனில 7ம் நம்பரை ஆர் பிடிக்கிறது?

கிண்ணியா_கீப்பர் · வியாழன், பின்னேரம் 4:48

எல்லாரும் என்ன பேசுறது எண்டு கதைக்கிறீங்க, எப்ப பேசுறது எண்டு ஒருத்தரும் கேக்கல்லயே.

நாலு மணிக்கு மட்ச். அசர் மூண்டரைக்குக் கிட்ட. உங்கட டீமில நம்மட பொடியன்மாரும் இருப்பாங்கதானே? அவங்க தொழுதிட்டு வர 3:45 ஆகும். நான் முந்தி ஒரு கழகத்துக்கு விளையாடக்குள்ள கப்டன் சரியா மூண்டரைக்குப் பேசத் தொடங்கிருவார். நாங்க மூண்டு பேர் வரக்குள்ள எல்லாம் முடிஞ்சு கை தட்டிக்கொண்டிருப்பாங்க. நான் கீப்பர், கோணருக்கு ஆரு முன் போஸ்ட்டில நிக்கிறது எண்டு எனக்குத் தெரியாது. கேட்டா "அப்பவே சொன்னதே" எண்டுவாங்க. அப்ப நான் எங்க இருந்தேன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

மற்றது, டொஸ்ஸுக்கு முதல் பேசினா எந்தக் கோலுக்கு அடிக்கிறோம் எண்டே தெரியாதே. இந்த மாசம் கச்சான் காத்து எப்படி அடிக்குது எண்டு பார்க்கிறீங்கதானே.

உப்புவெளி_8 · வியாழன், இரவு 8:05

கிண்ணியா நானா, நீங்கள் சொன்னதைப் பார்க்க நெஞ்சு திக்கெண்டுது. போன வருஷம் எங்கட வலது பின் ஆள் அசர் தொழுகைக்குப் போய் நான் பேசி முடிக்கேக்கதான் வந்தவன். இப்பதான் ஞாபகம் வருது. 7ம் நம்பர் அவன்ர பக்கத்தாலதான் வந்தவன். ஒரு வருஷமா நாங்கள் அவனைத்தான் குறை சொல்லிக்கொண்டு திரிஞ்சனாங்கள்.

பழைய_ஸ்டொப்பர் · வியாழன், இரவு 9:30

அப்ப முதல்ல அவனிட்ட மன்னிப்புக் கேள். ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொண்டு நிக்காதை, நாளைக்கே கேள்.

கிண்ணியாத் தம்பி சொன்னது சரியான சங்கதி. உனக்குக் கையில ரெண்டு இடம் இருக்கு. ஒண்டு 3:48 அளவில மரத்துக்குக் கீழ, எல்லாரும் வந்த பிறகு. அது ரெண்டு நிமிஷம். அங்க ஒவ்வொருத்தனின்ர முதல் வேலையையும் சொல்லு. மற்றது டொஸ் போட்ட பிறகு மைதானத்துக்குள்ள தோளில கை போட்டு வட்டமா நிக்கிற நேரம். அது 20 செக்கன். பக்கம் தெரிஞ்ச பிறகு சொல்ல வேண்டியது அங்கதான். பெரிய பேச்சை அங்க வைக்காதை, ரெப்ரி விசிலை வாயில வைச்சுக்கொண்டு நிப்பார்.

டொஸ் வெண்டால் நான் காத்தைத்தான் எடுப்பன். முதல் பாதியில காத்து முதுகில இருக்கோணும். ஏனெண்டால் நாலு மணிக்கு அடிக்கிற கச்சான் அஞ்சு மணிக்குப் பிறகு பல நாள் அடங்கிடும். பிந்தி வாங்கலாம் எண்டு வைச்சால் வாங்க ஒண்டும் இருக்காது.

கச்சான்காத்து · வியாழன், இரவு 9:52

டொஸ் வெண்டால் பக்கம் மட்டும்தானே கேக்கலாம்? கிக்-ஓப் தோத்தவனுக்குத்தானே.

கிண்ணியா_கீப்பர் · வியாழன், இரவு 10:07

அது பழசு மச்சான். 2019ல சட்டம் மாறிட்டு. வெண்டவர் பக்கத்தையும் எடுக்கலாம், இல்லாட்டி கிக்-ஓப்பையும் எடுக்கலாம். ஒண்டுதான். பக்கத்தை எடுத்தா கிக்-ஓப் மற்றவனுக்கு. அப்ப காத்தை எடுத்தீங்க எண்டால் முதல் பந்து அவங்கட காலில. உப்புவெளி தம்பி, உங்கட பேச்சும் அதுக்கேத்த மாதிரி இருக்கோணும். "முதல் பாஸை இப்படிக் குடு" எண்டு சொல்லிப்போட்டு பந்து அவங்கட கையில இருந்தா சிரிப்பாங்க.

உப்புவெளி_8 · வெள்ளி, இரவு 10:20

வலது பின் ஆளிட்டக் கதைச்சிட்டன். உப்புவெளிக் கடற்கரையில, தோணிக்குப் பக்கத்தில இருந்து. அவன் ஒண்டும் சொல்லேல்லை, "பரவாயில்லடா" எண்டான். பிறகு கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கு 7ம் நம்பர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" எண்டான். ஒரு வருஷம் வைச்சுக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் எழுதினது இது. பிழை சொல்லுங்கோ:

"நாங்கள் இந்தத் தொடரில 5 மட்ச் விளையாடி 3 கோல்தான் விட்டனாங்கள். நெஞ்சு அடிக்குது எண்டால் நல்லது, உடம்பு ரெடி. முதல் அஞ்சு நிமிஷம் ஒருத்தரும் நடுவில டிரிபிள் பண்ணக்கூடாது. பின்னுக்குப் பயந்து குடுக்கக்கூடாது. தேவையில்லாமல் ஃபவுல் பண்ணக்கூடாது. ரெப்ரியோட வாய் காட்டக்கூடாது. வலது பின், 7 உன்ர ஆள். இடது விங், முதல் பந்தை அவங்கட கோணர் பக்கம் தள்ளி ஓடு. ஸ்டொப்பர் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டே இருங்கோ. கீப்பர், முதல் பந்தைப் பிடிச்சால் மூண்டு எண்ணிப்போட்டு எறி. இந்தக் கப் எங்கட ஊருக்கு எவ்வளவு பெரிசு எண்டு உங்களுக்குத் தெரியும். வாங்கோ."

நிலாவெளி_சென்டர் · வெள்ளி, இரவு 10:41

நாலு "கூடாது" இருக்கு. நாலையும் வெட்டுங்கோ. "டிரிபிள் பண்ணக்கூடாது" எண்டால் அவன் டிரிபிளைத்தான் நினைப்பான். என்ன செய்யிறது எண்டு சொல்லுங்கோ, "ரெண்டு தட்டுக்குள்ள பந்து காலை விட்டுப் போகோணும்" எண்டு. கடைசி வசனத்துக்கு முதல் வசனத்தில ஊர் திரும்பவும் வந்திட்டுது, கவனிச்சீங்களோ 🙂

பழைய_ஸ்டொப்பர் · சனி, காலை 6:20

தங்கச்சி சொன்னதுதான். முதல் ரெண்டு வசனமும் நல்லா இருக்கு, வைச்சுக்கொள். 3 கோல் எண்டது செய்து முடிச்ச விஷயம், ஒருத்தனும் மறுக்கேலாது. கீப்பர் "மூண்டு எண்ணு" எண்டதும் அருமை, ஏனெண்டால் அவசரத்தைக் குறைக்க அவனுக்குக் கையில ஒரு வேலை குடுத்திருக்கிறாய். பதினொரு பேருக்கும் வேலை சொல்லப் போகாதை. நாலு பேருக்குச் சொன்னால் மற்ற ஏழு பேரும் கேட்டுக்கொண்டுதான் நிப்பாங்கள், அதுவும் பயன். பெனால்டிக்கும் இப்பவே அஞ்சு பேரை நினைச்சு வை. ஒழுங்கை ரெப்ரிக்குக் குடுக்கத் தேவையில்லை, அதால கடைசி நிமிஷம் மாத்தலாம்.

எனக்கு ஒண்டு மட்டும் விளங்கேல்லை. உங்களில ஒரு சிங்களப் பொடியனும் விளையாடுறான் எண்டு கேள்விப்பட்டன். அவனுக்குத் தமிழ் விளங்குமா?

உப்புவெளி_8 · சனி, காலை 7:55

இடது விங் அவன்தான் ஐயா. விளையாட்டுத் தமிழ் எல்லாம் விளங்கும், வேகமாக் கதைச்சால் விளங்காது. போன வருஷம் என்ர 12 நிமிஷத்தையும் தலையாட்டிக்கொண்டு கேட்டவன். அவன்ர வேலையை மட்டும் சிங்களத்தில சொல்லப்போறன்.

கச்சான்காத்து · சனி, காலை 9:14

நான் இன்னும் சொல்லுறன், கொஞ்சம் சூடு வேணும். இது ஒப்பீஸ் மீட்டிங் மாதிரி இருக்கு. கடைசியில எல்லாரும் சேர்ந்து ஒரு சத்தமாவது போடுங்கோ.

உப்புவெளி_8 · திங்கள், இரவு 11:35

பிந்தினதுக்கு மன்னியுங்கோ, நேற்று எழுத மனம் வரேல்லை.

3:47க்குத் தொடங்கினன். எல்லாரும் நிண்டாங்கள். தொழுதிட்டு வந்த பொடியன்ர கையில இன்னும் தண்ணி காயேல்லை. ஸ்ட்ரைக்கர் நெத்தியில திருநீறோட நிண்டான். ஒருத்தனுக்கு முழங்காலில சித்தாலேப மணம். எனக்குக் குரல் நடுங்கினது, எழுதி மனப்பாடமாக்கினதில பாதி மறந்து போச்சு. ஆனால் நாலு பேரின்ர வேலையும் மறக்கேல்லை, ஏனெண்டால் அவங்கட முகத்தைப் பார்க்க வார்த்தை தானா வந்தது. ஒண்டரை நிமிஷத்துக்குக் கிட்டத்தான் வந்திருக்கும். கச்சான்காத்து மச்சான், கடைசியில சத்தமும் போட்டனாங்கள்.

டொஸ் வெண்டன். காத்தை எடுத்தன். வட்டத்துக்குள்ள சொன்னது ஒண்டே ஒண்டு: "காத்து எங்கட முதுகில, பந்து அவங்கட காலில, முதல் வேலை பறிக்கிறது."

நாலாவது நிமிஷம் அவங்களுக்கு ஒரு துரோ-இன், அதே பக்கம். எனக்கு வயித்தைக் கலக்கினது. வலது பின் ஆள் 7ம் நம்பரின்ர தோளில கையை வைச்சுக்கொண்டு நிக்கிறான். அங்க இருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தான். பந்து வெளியில போச்சு. 21வது நிமிஷம் நாங்கள் அடிச்சம், இடது விங் தள்ளின பந்தில இருந்து வந்தது.

பிறகு ஐயா சொன்னது பிழைச்சுது. கச்சான் அடங்கேல்லை. ரெண்டாம் பாதி முழுக்க எங்கட முகத்தில மண்ணோட அடிச்சது. கோல் கிக் அடிச்சால் பாதித் தூரம் போய்த் திரும்பி வருது. 58வது நிமிஷம் அவங்கட கோணர் காத்தில வளைஞ்சு ரெண்டாவது போஸ்ட்டில விழுந்து கோல். 1-1.

பெனால்டிக்கு அஞ்சு பேர் நினைச்சு வைச்சிருந்தன், அதில ரெண்டு பேர் காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கினம். என்ன சொல்லுறது எண்டு யோசிச்சே வைக்கேல்லை. "ஆர் அடிக்கிறீங்கள்?" எண்டு கேட்டன், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, அந்த அமைதிதான் இன்னும் காதுக்குள்ள நிக்குது. கடைசியா இடது விங்காரன் கையைத் தூக்கினான். 4-3ல தோத்தம். தவறவிட்டவன் நான்.

பழைய_ஸ்டொப்பர் · செவ்வாய், காலை 6:10

காத்து விஷயத்தில நான் பிழைதான், தம்பி. பல நாள் எண்டு சொன்னன், ஞாயிறு அந்த நாளில்லை. "ஆர் அடிக்கிறீங்கள்" எண்டு கேக்கக்கூடாது. அந்த நேரம் பேர் சொல்லித் தோளில தட்டி "நீ ரெண்டாவது" எண்டு சொல்லோணும். அதை நான் உனக்கு முன்னமே சொல்லியிருக்கோணும்.

கச்சான்காத்து · செவ்வாய், காலை 8:40

பேச்சால ஒண்டும் வெண்டதும் இல்லை, தோத்ததும் இல்லை எண்டுதான் எனக்குப் படுது. போன வருஷம் 12 நிமிஷம் பேசி 1-0ல தோத்தீங்கள், இந்த வருஷம் ஒண்டரை நிமிஷம் பேசி பெனால்டியில தோத்தீங்கள்.

கிண்ணியா_கீப்பர் · செவ்வாய், காலை 8:52

துரோ-இன் மச்சான். துரோ-இன்னைப் பாருங்க.

கோட்டைவாசல் · செவ்வாய், காலை 10:15

தம்பி, பரிசளிப்பில தோத்த அணி சார்பில ஆர் பேசினது?

உப்புவெளி_8 · செவ்வாய், மதியம் 12:30

நான்தான் ஐயா. கேக்காமலே மைக்கைத் தந்தாங்கள். நீங்கள் எழுதினது ஞாபகம் வந்தது, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, எதிரணியை ஒரு வசனத்தில பாராட்டிப்போட்டு இறங்கிட்டன்.